துறை தெரியாதவரிடம் பயோவைக் கொடுத்தேன். அவர் சொன்னதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது?

கயல்

வணக்கம். நான் நுண்ணுயிரியல் ஆய்வாளர். பொதுமக்களுக்கான அறிவியல் உரை ஒன்றுக்கு அழைத்திருக்கிறார்கள். அழைப்பிதழில் போடுவதற்கு ஒரு சிறிய அறிமுகக் குறிப்பு வேண்டுமாம். கேட்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அறிவியல் படிக்காதவர்கள். நான் எழுதியது இது:

“மருத்துவச் சாதனங்களின் மேற்பரப்பில் உருவாகும் பயோஃபிலிம்களில் குவோரம் சென்சிங் பாதைகளின் பங்கை ஆராய்பவர். சூடோமோனாஸ் ஏருஜினோசாவை மாதிரி உயிரியாகக் கொண்டு, செல்புறப் பாலிசாக்கரைடு உற்பத்திக்கும் மருந்துச் சகிப்புத்தன்மைக்கும் உள்ள தொடர்பை மூலக்கூறு அளவில் விளக்கிவருகிறார். நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர். இத்துறை ஆய்விதழ்களில் தொடர்ந்து எழுதுகிறார்.”

அனுப்புவதற்கு முன் என் அண்ணியிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் கணக்குத் தணிக்கை செய்பவர். படித்து முடித்ததும் “நன்றாக இருக்கிறது, பெரிய வேலை என்று தெரிகிறது” என்றார். பிறகு, “குவோரம் சென்சிங் என்றால் என்ன?” என்று கேட்டார். “பட்டத்தை முதல் வரியில் போடு, அப்போதுதான் மதிப்பு” என்றார். கடைசியாக, “சரி, இந்த ஆள் என்ன வேலை செய்கிறார் என்று சொல்லுங்கள் பார்ப்போம்” என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்:

“மருத்துவக் கருவிகளின் மேல் ஒட்டுகிற ஒரு ஃபிலிமைச் சோதிக்கிறார். நோயாளிகளுக்கு மருந்து ஒத்துக்கொள்கிறதா என்பதையும் பார்க்கிறார்.”

இரண்டுமே நான் செய்யும் வேலை இல்லை. இத்தனை எதிர்வினைகளில் எதை வைத்துத் திருத்துவது? குவோரம் சென்சிங்கை மட்டும் மாற்றினால் போதுமா?

நேர்கோடு

இதில் குழப்பத்திற்கு இடமே இல்லை. கலைச்சொற்கள் அனைத்தையும் அடித்துவிட்டு எளிய சொற்களைப் போடுங்கள். குவோரம் சென்சிங், பாலிசாக்கரைடு, சூடோமோனாஸ் மூன்றும் போனால் குறிப்பு தெளிவாகிவிடும். பிறகு ஒருவரிடம் மட்டும் காட்டாமல் ஐந்து பேரிடமாவது காட்டுங்கள். ஐந்து பேரிடம் சோதித்தால் பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்பது இணையதள வடிவமைப்பில் எல்லோரும் அறிந்த விதி. புரிகிறதா என்று கேட்டுப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று வாங்கிக்கொண்டால், எந்த வடிவம் சிறந்தது என்பதும் தெரிந்துவிடும்.

ஓலைச்சுவடி

கயல், உங்கள் அண்ணி சொன்னதை அவருடைய சொற்களிலேயே எழுதி வைத்தீர்களே, அதுதான் இந்தச் சோதனையில் கிடைத்த பெரிய பலன். பொதுமக்களுக்கான தகவல் கையேடுகளைத் திருத்துவதே என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அவர் சொன்னது நான்கு வகை. “நன்றாக இருக்கிறது” என்பது உங்கள் மேல் உள்ள அன்பு. அதில் குறிப்பைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை. “பட்டத்தை முதலில் போடு” என்பது யோசனை. யோசனையை உடனே நிறைவேற்ற வேண்டாம். அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். முழுக் குறிப்பிலும் அவருக்குத் தெளிவாகப் பிடிபட்ட ஒரே செய்தி பட்டம்தான். பிடிபட்டதை மேலே கொண்டுவரச் சொல்கிறார். அதாவது, முதல் இரண்டு வாக்கியங்களும் அவரிடம் போய்ச் சேரவில்லை என்பதன் அடையாளம் அது. முதல் வாக்கியம் சரியானால் இந்த யோசனை தானாகவே மறைந்துவிடும்.

மூன்றாவது, அவர் நின்று கேட்ட இடம். குவோரம் சென்சிங் அவருக்குத் தெரியாத சொல். தெரியாது என்பது அவருக்கே தெரிந்ததால் கேட்டார். இந்த வகைத் தடை கண்ணுக்குத் தெரியும். நீங்களே தனியாக உட்கார்ந்து தேடினாலும் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

நான்காவது, அவர் திருப்பிச் சொன்னது. உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அவர் சொன்ன ஒவ்வொரு துண்டையும் உங்கள் குறிப்பில் எந்தச் சொல்லிலிருந்து எடுத்தார் என்று பின்னோக்கித் தேடுங்கள். “ஒட்டுகிற ஃபிலிம்” பயோஃபிலிமிலிருந்து வந்தது. பாக்டீரியாக்கள் கூட்டமாக ஒட்டி உருவாக்கும் படலத்தை, கருவியின் மேல் யாரோ ஒட்டும் பிளாஸ்டிக் உறை என்று நினைத்திருக்கிறார். “மருந்து ஒத்துக்கொள்கிறதா” என்பது சகிப்புத்தன்மையிலிருந்து வந்தது. மருந்தைத் தாங்கிப் பிழைப்பது பாக்டீரியா என்று நீங்கள் எழுதினீர்கள். தாங்குவது நோயாளி என்று அவர் படித்தார். இந்த இரண்டு இடங்களிலும் அவர் நிற்கவில்லை, உங்களைக் கேட்கவில்லை. ஃபிலிமும் சகிப்புத்தன்மையும் அவருக்கு ஏற்கெனவே பழக்கமான சொற்கள். புரிந்துவிட்டது என்ற நம்பிக்கையோடு கடந்து போனார்.

நேர்கோடு, நீங்கள் அடிக்கச் சொன்ன மூன்று சொற்களையும் நீக்கிப் பாருங்கள். இந்த இரண்டு பிழைகளும் அப்படியே இருக்கும். புரிகிறதா என்று கேட்டு மதிப்பெண் வாங்கினாலும் இவை வெளியே வராது. கயலின் அண்ணி எட்டோ ஒன்பதோ கொடுத்திருப்பார், ஏனென்றால் தனக்குப் புரிந்தது என்றே அவர் நம்புகிறார்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். குறிப்பைக் கொடுப்பதற்கு முன், படித்தவர் எதைத் திருப்பிச் சொன்னால் உங்களுக்கு நிறைவாக இருக்கும் என்பதை ஒரு தாளில் இரண்டு மூன்று வாக்கியங்களாக எழுதி வையுங்கள். இதைப் பின்னால் எழுதினால், அவர் சொன்னதற்கு ஏற்ப உங்கள் எதிர்பார்ப்பு வளைந்துவிடும். பிறகு குறிப்பைக் கொடுங்கள். ஒருமுறை படித்ததும் திரும்ப வாங்கிவிடுங்கள். தாள் கையில் இருந்தால் அதிலுள்ள சொற்களையே படித்து ஒப்பிப்பார்கள். கொஞ்ச நேரம் வேறு எதையாவது பேசுங்கள். அதன் பின், “இந்த உரைக்கு வரச் சொல்லி ஒரு நண்பரிடம் இவரைப் பற்றிச் சொல்வதானால் என்ன சொல்வீர்கள்?” என்று கேளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை திருத்தாதீர்கள், தலையாட்டாதீர்கள். நீங்கள் தலையாட்டும் திசையிலேயே பதில் வளரும்.

தூண்

எனக்கும் இதே சிக்கல்தான். நான் கட்டமைப்புப் பொறியாளர். ஓர் ஆலோசகர் குழுவில் சேர விண்ணப்பிக்கிறேன். என் பயோவில் “முன்தகைவு கான்கிரீட் பாலங்களில் கேபிள் அரிப்பு மதிப்பீடு” என்று எழுதியிருந்தேன். மொழியாசிரியரான என் மனைவி படித்துவிட்டு, இது யாருக்கும் புரியாது, “பழைய பாலங்களின் பாதுகாப்பைச் சோதிப்பவர்” என்று மாற்றுங்கள் என்றார். மாற்றினேன். குழுவில் இருக்கும் ஒரு மூத்தவர் இப்போது, “உங்கள் தனித்திறன் என்ன என்றே தெரியவில்லையே” என்கிறார். வேலை தேடுவதற்கான தன்விவரத்தை வெளியாள் கண்ணில் காட்டக் கூடாது என்பதுதான் என் கருத்து.

ஓலைச்சுவடி

தூண், உங்களுடையது வேறு வழக்கு. கயலின் குறிப்பைப் படிக்கப் போகிறவர்கள் பொதுமக்கள். அதனால் துறை தெரியாதவரின் எதிர்வினை அவருக்கு நேரடிச் சான்று. உங்கள் குறிப்பைப் படிப்பது பொறியாளர் குழு. அவர்களுக்கு முன்தகைவு என்பது தினமும் புழங்கும் சொல். அதை எடுத்ததும் உங்களைப் பிறரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டிய ஒரே சொல் போய்விட்டது. உங்கள் மனைவி சொன்னது தவறில்லை. அவர் அந்தக் குறிப்பின் வாசகர் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு குழுவில் எல்லோரும் பாலப் பொறியாளர்களாக இருப்பது அரிது. மண்ணியல் தெரிந்தவர் இருப்பார், நிதி பார்ப்பவர் இருப்பார். உங்கள் சோதனைக்கு ஏற்றவர் பக்கத்துத் துறைக்காரர். சாலையோ நீர்க்குழாயோ அமைக்கும் பொறியாளர் ஒருவரிடம் கொடுத்து, இவரை எந்த வேலைக்கு அழைப்பீர்கள், எந்த வேலைக்கு அழைக்க மாட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் கூர்மையாக இருக்கும்.

வெண்துளசி

நான் செவிலியர். நோயாளி வீட்டுக்குப் போகும்போது, மருந்தை எப்படி எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்வது எங்கள் பயிற்சியில் உண்டு. “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். ஓலைச்சுவடி ஐயா சொல்லும் முறையும் அதுவேதான். இரண்டு விஷயங்களை மட்டும் சேர்க்கிறேன்.

திருப்பிச் சொல்லச் சொன்னால் தன்னைத் தேர்வு வைக்கிறார்கள் என்று மனிதர்கள் சுருங்கிவிடுவார்கள். அதனால் முதலிலேயே, “நான் தெளிவாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும், அதற்கு உங்கள் உதவி தேவை” என்று சொல்லிவிடுவோம். தவறு இருந்தால் அது சொன்னவருடையது என்று ஆகிவிடுவதால் கேட்பவர் தயங்காமல் பேசுவார். கயலும் அப்படித் தொடங்கலாம்.

இன்னொன்று, அண்ணி உங்களை அறிந்தவர். நீங்கள் ஆய்வகத்தில் வேலை செய்வது அவருக்குத் தெரியும். குறிப்பில் இல்லாததையும் தன் நினைவிலிருந்து நிரப்பியிருப்பார். அப்படியிருந்தும் இவ்வளவு விலகிப் போனார் என்றால், முன்பின் தெரியாதவர் இன்னும் விலகுவார். பெயரை எடுத்துவிட்டு, “எனக்குத் தெரிந்த ஒருவர் எழுதியது” என்று கொடுத்துப் பாருங்கள். முகத்துக்கு நேரே சொல்ல வேண்டிய மரியாதைச் சுமை குறையும்.

கயல்

எல்லோருக்கும் நன்றி. படித்தவர் சொல்ல வேண்டும் என்று நான் முதலில் தாளில் எழுதி வைத்தவை இவை. மருத்துவக் கருவிகளின் மேல் பாக்டீரியாக்கள் கூட்டமாகக் குடியேறுகின்றன. அப்படிக் குடியேறியவற்றை மருந்தால் அழிப்பது கடினம். அவை ஒன்றையொன்று உணரும் முறையை இவர் ஆராய்கிறார். அதன் பிறகு எழுதிய இரண்டாம் வடிவம்:

“சிறுநீர் வடிகுழாய் போன்ற கருவிகள் உடலுக்குள் இருக்கும்போது அவற்றின் மேல் பாக்டீரியாக்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றி ஒரு பசையைச் சுரக்கின்றன. அந்தப் பசைக்குள் இருக்கும் பாக்டீரியாக்கள் மருந்துக்கு எளிதில் சாவதில்லை. கூட்டம் சேர்வதற்கு முன் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அந்தப் பேச்சை எப்படித் தடுக்கலாம் என்று ஆராய்கிறார் இவர். நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர்.”

என்னை அறியாத ஒருவரிடம் கொடுத்தேன். தோழியின் உறவினர், ஓட்டுநர். வெண்துளசி சொன்னபடியே தொடங்கினேன். அவர் எந்த இடத்திலும் நிற்கவில்லை. திருப்பிச் சொன்னது இது:

“கிருமிகள் ஒன்றுகூடித் திட்டம் போடும். இவர் அதைத் தடுத்து நோயைக் குணமாக்குவதற்கு மருந்து கண்டுபிடித்திருக்கிறார். குழாய் போட்டவர்கள் இவரைப் போய்ப் பார்க்கலாம்.”

என் தாளில் இருந்த முதல் செய்தி கிடைத்துவிட்டது. ஆனால் நான் சொல்லாத மருந்தும் மருத்துவரும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

பெட்ரித்தட்டு

நானும் இதே துறைதான். இரண்டாம் வடிவத்தைப் படித்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது, மன்னிக்கவும். “கூட்டம் சேர்வதற்கு முன் பேசிக்கொள்கின்றன” என்பது வரிசையே தலைகீழ். குவோரம் சென்சிங்கில் ஒவ்வொரு பாக்டீரியாவும் சமிக்ஞை மூலக்கூறைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. கூட்டம் அடர்த்தியாக அடர்த்தியாகச் சுற்றுப்புறத்தில் அதன் செறிவு கூடுகிறது. ஓர் அளவைத் தாண்டும்போது பல மரபணுக்களின் செயல்பாடு ஒன்றாக மாறுகிறது. அடர்த்தி முதலில், மாற்றம் பிறகு. “பேசிக்கொள்கின்றன” என்றதால்தான் அந்த ஓட்டுநர் திட்டம் போடுவதாக எடுத்துக்கொண்டார்.

“பேச்சைத் தடுப்பது” என்பதும் அளவுக்கு மீறிய வாக்கு. சமிக்ஞையை உருவாக்க முடியாத சூடோமோனாஸ் திரிபு தட்டையான மெல்லிய படலத்தையே உருவாக்கியது என்று 1998இல் வெளிவந்த ஆய்வு காட்டியது உண்மைதான். ஆனால் என்ன ஊட்டம் கொடுத்து வளர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த வேறுபாடு குறையவும் செய்கிறது என்று பின்னால் தெரிந்தது. தடுத்தால் படலம் உருவாகாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது.

மருந்து விஷயத்திலும் ஒரு கவலை. “மருந்துக்கு எளிதில் சாவதில்லை” என்று மட்டும் படிப்பவர், செய்திகளில் வரும் மருந்து எதிர்ப்புக் கிருமியை நினைத்துக்கொள்வார். அது மரபணு மாறி, சந்ததிக்கும் போகும் எதிர்ப்பு. இது வேறு. படலத்தை விட்டுப் பிரிந்து வரும் செல்கள் பெரும்பாலும் அதே மருந்துக்கு மறுபடியும் பணிந்துவிடுகின்றன.

சூடோமோனாஸ் என்ற பெயரையும் எடுத்துவிட்டீர்கள். எந்த உயிரியை வைத்து வேலை செய்கிறோம் என்று சொல்லாத அறிமுகம் எனக்கு முழுமையாகத் தெரியவில்லை.

ஓலைச்சுவடி

பெட்ரித்தட்டு அவர்களின் திருத்தங்கள் மிகவும் பயனுள்ளவை. வெளியாளின் சோதனை என்ன கிடைத்தது என்பதைக் காட்டும். கிடைத்தது உண்மையா என்பதைத் துறைக்காரர்தான் சொல்ல முடியும். ஒவ்வொரு சுற்றிலும் இருவர் கண்ணிலும் படுவது நல்லது.

இப்போது ஓட்டுநர் சொன்னதை முன்போலவே பின்னோக்கித் தேடுவோம். “திட்டம் போடும்” என்பதற்கு மூலம் “பேசிக்கொள்கின்றன”. அதைப் பெட்ரித்தட்டே காட்டிவிட்டார். “மருந்து கண்டுபிடித்திருக்கிறார்” என்பதற்குக் குறிப்பில் எந்தச் சொல்லும் மூலமாக இல்லை. இதைத்தான் கவனிக்க வேண்டும். உங்கள் குறிப்பு ஒரு கதைபோல் நகர்கிறது. கெட்டது நடக்கிறது, அதைத் தடுக்க ஒருவர் வருகிறார், அதோடு நின்றுவிடுகிறது. வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நீங்கள் சொல்லாததால், கதையின் மீதியை வாசகர் தானே எழுதி முடித்தார். கதை தெரிந்த எவரும் அப்படித்தான் முடிப்பார்.

முதல் வடிவத்தில் சொல் பிழையாகப் படிக்கப்பட்டது. இரண்டாம் வடிவத்தில் வெற்றிடம் நிரப்பப்பட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு. முன்னதற்குச் சொல்லை மாற்ற வேண்டும். பின்னதற்கு இல்லாத செய்தியைச் சேர்க்க வேண்டும்.

“இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை” என்று மறுத்து எழுத வேண்டாம். அறிமுகத்தில் மறுப்பு வந்தால் வாசகர் மனதில் அதுவே தங்கும். வேலை நடக்கும் இடத்தைச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் வளர்க்கும் பாக்டீரியாக்களை வைத்து ஆராய்கிறார் என்று ஒரு தொடர் வந்தால், இவர் நோயாளிகளைப் பார்ப்பவர் இல்லை என்பது தானாக விளங்கும். “தடுக்கலாம்” என்ற வினையையும் எடுத்துவிடுங்கள். நீங்கள் ஆராய்வது ஒரு தொடர்பை. முதல் வடிவத்தில் அதைச் சரியாகவே எழுதியிருந்தீர்கள்.

நேர்கோடு

ஓலைச்சுவடி அவர்களே, திருப்பிச் சொல்லச் சொல்வதன் பயனை ஏற்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே ஒருவர் என்பது எனக்கு உறுத்துகிறது. அந்த ஓட்டுநருக்குக் கதைகளில் நாட்டம் அதிகம் என்பதால்கூட அப்படிச் சொல்லியிருக்கலாம். ஐந்து பேர் என்பது காரணமில்லாமல் சொல்லப்பட்டதா?

ஓலைச்சுவடி

காரணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்த எண்ணை இணையதளப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000இல் பிரபலப்படுத்தியபோது, ஐந்து பேரோடு நிறுத்துங்கள் என்பதோடு வாதம் முடியவில்லை. பதினைந்து பேரை ஒரே சோதனையில் செலவழிப்பதைவிட, ஐந்து பேரிடம் சோதித்துத் திருத்தி, மறுபடி ஐந்து பேரிடம் சோதிப்பது மேல் என்பதுதான் அவர் சொன்னது. நடுவில் திருத்துவது அந்த யோசனையின் உயிர்நாடி. அது இணையதளங்களில் மனிதர்கள் தடுமாறும் இடங்களைப் பற்றியது. சில வரிகள் கொண்ட குறிப்புக்கு அதே எண்ணை அப்படியே பொருத்த முடியாது.

ஒருவரின் தனிப் போக்கா, குறிப்பின் குறையா என்ற உங்கள் கேள்வி நியாயமானது. என் அளவுகோல் இது. அவர் சொன்ன பிழைக்குக் குறிப்பில் ஒரு சொல்லையோ ஒரு வெற்றிடத்தையோ காரணமாகக் காட்ட முடிந்தால், ஒரே ஒருவர் சொன்னாலும் திருத்துவேன். எந்தக் காரணமும் பிடிபடவில்லை என்றால் அடுத்தவர் என்ன சொல்கிறார் என்று காத்திருப்பேன். ரசனை சார்ந்த கருத்துகளுக்கு மட்டும் எண்ணிக்கை வேண்டும்.

ஏற்கெனவே படித்தவரிடம் திருத்திய வடிவத்தைக் கொடுக்கக் கூடாது. கயலின் அண்ணிக்கு இப்போது பயோஃபிலிம் என்றால் என்னவென்று தெரியும். எந்த வடிவத்தைக் கொடுத்தாலும் அவர் சரியாகவே சொல்வார். எத்தனை பேரை வைத்திருக்கிறோம் என்பதைவிட, எத்தனை பேரை இன்னும் கெடுக்காமல் வைத்திருக்கிறோம் என்பது முக்கியம். எல்லோரையும் முதல் வடிவத்திலேயே தீர்த்துவிட்டால் கடைசி வடிவத்தைச் சோதிக்க ஆள் இருக்காது.

வெண்துளசி

அந்தக் கடைசிப் பத்தி என்னை யோசிக்க வைத்தது. நாங்கள் ஒரே நோயாளியிடம் திரும்பத் திரும்பக் கேட்போம், ஏனென்றால் அங்கே அவர் கற்றுக்கொள்வதுதான் நோக்கம். இங்கே எழுத்துதான் தேற வேண்டும்.

கயல்

மூன்றாம் வடிவம்:

“சிறுநீர் வடிகுழாய் போன்ற கருவிகளின் மேல் பாக்டீரியாக்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு தம்மைச் சுற்றிப் பசையைச் சுரக்கின்றன. அந்தக் கூட்டத்துக்குள் இருக்கும்வரை அவை மருந்துக்குத் தப்பிவிடுகின்றன. ஒவ்வொன்றும் வெளியிடும் வேதிப்பொருளைக் கொண்டு, அருகில் எவ்வளவு பேர் திரண்டிருக்கிறார்கள் என்பதை அவை உணர்கின்றன. அந்த உணர்வுக்கும் பசை உருவாவதற்கும் உள்ள தொடர்பை, ஆய்வகத்தில் வளர்க்கும் பாக்டீரியாக்களைக் கொண்டு ஆராய்கிறார் இவர். நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர்.”

“இருக்கும்வரை” என்ற சொல் பெட்ரித்தட்டு சொன்ன வேறுபாட்டுக்காக. புதிய வாசகர் தையல் தொழில் செய்பவர். அவர் சொன்னது:

“உடம்பில் வைக்கிற குழாயில் கிருமி கூட்டமாக ஒட்டிக்கொள்ளும். கூட்டமாக இருந்தால் மருந்து வேலை செய்யாது. எத்தனை பேர் இருக்கிறோம் என்று அதற்கே தெரியுமாம். எப்படித் தெரிகிறது என்று இவர் லேபில் பார்க்கிறார்.”

சொல்லிவிட்டு, “பசைக்குள் போனால் மட்டும் ஏன் சாகாது? மருந்து உள்ளே போகாதா?” என்று கேட்டார். இதையும் குறிப்பில் விளக்க வேண்டுமா? இன்னொன்று, “திரண்டிருக்கிறார்கள்” என்று பாக்டீரியாவைச் சொல்வது சரியா என்றும் கேட்டார்.

பெட்ரித்தட்டு

“எவ்வளவு பேர்” வேண்டாம், “தம் இனம் எவ்வளவு திரண்டிருக்கிறது” என்று மாற்றுங்கள். “தப்பிவிடுகின்றன” என்பதும் கொஞ்சம் கனம். “முழுமையாக அழிப்பது கடினம்” என்றால் நான் கையெழுத்துப் போடுவேன். அவர் “மருந்து வேலை செய்யாது” என்று சொன்னதற்கும் அந்தச் சொல்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஓலைச்சுவடி

இரண்டு திருத்தமும் சரி. தையல்காரரின் கேள்வியைக் குறிப்பில் விளக்காதீர்கள். முதல் சுற்றில் அண்ணி கேட்டது, “இது என்ன?” என்ற கேள்வி. அது வாசலிலேயே நின்றவர் கேட்பது. இவர் கேட்பது, “அது ஏன் அப்படி?” என்ற கேள்வி. செய்தி சரியாக உள்ளே போனவரால்தான் இதைக் கேட்க முடியும். உரைக்கு வருவதற்கு அவருக்குக் கிடைத்த காரணமும் அதுவே. உரையின் தொடக்கத்திலேயே அதை எடுத்துப் பேசலாம்.

பட்டத்தை முன்னால் போடுவது பற்றி இந்த முறை யாரும் பேசவில்லை என்பதையும் கவனியுங்கள்.

பெட்ரித்தட்டு

அந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது, கயல் மேடையில் கவனமாக இருக்க வேண்டும். மருந்து உள்ளே நுழைவது தாமதமாவது ஒரு காரணம், எல்லா மருந்துக்கும் அது பொருந்தாது. ஆழத்தில் ஆக்சிஜனும் ஊட்டமும் குறைந்து செல்கள் மெதுவாக வளர்வது இன்னொன்று. வளரும் செல்லைத் தாக்கும் மருந்துகளுக்கு அங்கே பிடி கிடைப்பதில்லை.

சூடோமோனாஸ் பெயரை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. கேட்க வருபவர்களில் ஒரு மருத்துவ மாணவர் இருந்தால் அவருக்கு அந்த ஒரு சொல் எவ்வளவோ சொல்லும்.

கயல்

இரண்டு திருத்தங்களையும் செய்துவிட்டேன். பெயரைப் பற்றி எனக்கும் முடிவு வரவில்லை. “சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்த்து” என்று எழுதினால், தெரியாதவரும் தடுமாறாமல் கடந்துவிடுவார் என்று தோன்றுகிறது. ஆனால் குழாய்களில் ஒட்டுவது இந்த ஒன்று மட்டுமே என்று யாராவது எடுத்துக்கொள்ளக்கூடும். இதுவரை காட்டாத ஒருவரை இதற்கென்றே வைத்திருக்கிறேன். பெயரோடு உள்ள வடிவத்தை அவரிடம் கொடுக்கப் போகிறேன்.

தூண்

என் பக்கத்துச் செய்தி. நீர்க்குழாய்ப் பொறியாளர் ஒருவரிடம் பழைய வடிவத்தையே, முன்தகைவு என்ற சொல்லோடு கொடுத்தேன். எந்த வேலைக்கு அழைக்க மாட்டீர்கள் என்று கேட்டதற்கு, “புதுப் பாலம் வடிவமைக்க அழைக்க மாட்டேன், இவர் பழையதைச் சோதிப்பவர்தானே” என்றார். நான் இரண்டும் செய்பவன். மதிப்பீடு என்ற ஒரு சொல் என்னை ஒரு பக்கத்தில் மட்டும் நிறுத்திவிட்டது. என் மனைவியிடமும் இதைச் சொன்னேன். அவர் தந்த மாற்றமும் என்னை அதே பக்கத்தில்தான் நிறுத்தியிருந்தது என்பதை இருவரும் இப்போதுதான் பார்த்தோம். “முன்தகைவு கான்கிரீட் பாலங்களை வடிவமைப்பவர், பழைய பாலங்களில் கேபிள் அரிப்பை மதிப்பிடுபவர்” என்று எழுதியிருக்கிறேன். இதைக் கொடுப்பதற்கு மண்ணியல் பிரிவில் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.